கண்மட்டத்தில் ஒரு கோடு

அனிமேஷன் படத்துக்கோ காமிக்ஸுக்கோ நாடகப் படுதாவுக்கோ பின்னணி வரைகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, பார்ப்பவரின் கண் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை. வீடு எங்கே, மரம் எங்கே என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தாளின் குறுக்கே இழுக்கப்படும் தொடுவானக் கோடு அந்த உயரத்தைத்தான் சொல்கிறது. வானமும் பூமியும் தொட்டுக்கொள்ளும் இடம் என்று மட்டும் அதை நினைத்துக்கொண்டு, அழகாகத் தோன்றும் ஏதோ ஓர் உயரத்தில் கோட்டை இழுத்துவிட்டு வேலையைத் தொடங்குவதால்தான் பல பின்னணிகள் பாத்திரங்களோடு ஒட்டாமல் போகின்றன.

கடற்கரையில் நிற்பவருக்குக் கடலின் எல்லைக் கோடு சரியாக அவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். மணலில் உட்கார்ந்தால் கோடும் அவரோடு இறங்கும். கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறினால் அவரோடு ஏறும். அந்தக் கோடு இருக்கும் தூரம் மாறும். நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது ஏறக்குறைய நாலரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்; உயரே போகப் போக அந்தத் தூரமும் கூடும். ஆனால் கண்மட்டத்திலேயே இருப்பது என்ற இயல்பு மட்டும் மாறாது. கலங்கரை விளக்கம் போன்ற உயரங்களில் கோடு கண்மட்டத்துக்கு மிகச் சிறிதளவு கீழே இறங்கும் என்பது உண்மைதான் என்றாலும், ஓவியக் கணக்கில் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. சமதளத்தில் நிற்கும் எந்தப் பொருளையும், அது அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், தொடுவானக் கோடு ஒரே உயரத்தில்தான் வெட்டும். கண் ஐந்து அடி உயரத்தில் இருந்தால், அந்தக் கோட்டில் படும் எல்லாமே தரையிலிருந்து ஐந்து அடி உயரத்தில் இருப்பவை. இத்தாலியரான லியோன் பத்தீஸ்தா ஆல்பர்ட்டி 1435-இல் ஓவியம் பற்றி எழுதிய நூலில் இந்த வழியைத்தான் வகுத்துக் கொடுத்தார். படத்தின் முன்வரிசையில் நிற்கும் மனிதனின் உயரத்துக்கே தொடுவானக் கோட்டை வைத்துவிட்டால், பின்னால் நிற்பவர்கள் எவ்வளவு சிறுத்தாலும் அவர்களுடைய தலைகள் எல்லாம் அதே கோட்டில் வந்து நிற்கும். மறுமலர்ச்சிக் காலத்து ஓவியங்களில் கூட்டத்தின் தலைகள் ஒரே நேர்வரிசையில் அமைந்து, கால்கள் மட்டும் மேலும் கீழுமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். கடலை நோக்கிப் போகும் ஒரு சந்து. இருபுறமும் ஓட்டு வீடுகள், திண்ணைகள், விளக்குக் கம்பங்கள். சந்தின் முடிவில் கடல். தாளின் அகலம் 40 செ.மீ., உயரம் 22.5 செ.மீ. பார்ப்பவரின் கண் ஐந்து அடி உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, தாளின் அடி விளிம்பிலிருந்து 9 செ.மீ. மேலே தொடுவானக் கோட்டை இழுக்க வேண்டும். பிறகு வீடுகள் மறைக்கப் போகும் இடங்களிலும் இந்தக் கோட்டைப் பென்சிலில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்பு வரை போட்டுவைப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் அளவுகோலாக நிற்கப்போவது அதுதான்.

இனி தரையில் ஒரு புள்ளி தொடுவானக் கோட்டுக்கு எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது என்று பார்த்தால் போதும். அதை இறக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளியில் அந்த இறக்கம் எப்போதும் ஐந்து அடிக்குச் சமம். இறக்கம் 5 செ.மீ. உள்ள இடத்தில் ஓர் அடி என்பது 1 செ.மீ.; அங்கே நிற்கும் ஐந்தரை அடி மனிதன் 5.5 செ.மீ. உயரம் இருப்பான், மூன்றடிக் குழந்தை 3 செ.மீ. இருக்கும். இறக்கம் 3 செ.மீ. மட்டுமே உள்ள இடத்தில் ஏழடிக் கதவு 4.2 செ.மீ.; அதில் 3 செ.மீ. கோட்டுக்குக் கீழேயும் 1.2 செ.மீ. மேலேயும் அமையும். அதே இடத்தில் இருபதடி விளக்குக் கம்பம் 12 செ.மீ. உயரும். பத்தடி அகலச் சந்து தாளின் அடி விளிம்பில் 18 செ.மீ. விரிந்திருக்கும், இறக்கம் 3 செ.மீ. ஆகும் இடத்தில் 6 செ.மீ.-க்குச் சுருங்கிவிடும். அகலத்துக்கும் உயரத்துக்கும் ஒரே கணக்குதான்.

தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்து வரும் ஐந்தடிப் பெண் சந்தின் எந்த இடத்தில் நடந்தாலும் அவளுடைய உச்சந்தலை தொடுவானக் கோட்டிலேயே இருக்கும். குடத்தின் அடிப்பாகம் கண்மட்டத்தில் இருப்பதால் வளைவு காட்டாமல் கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெரியும்; குடத்தின் வாய் கண்ணுக்கு மேலே இருப்பதால் அதன் உட்புறம் தெரியக் கூடாது. தரையில் வைத்த குடம் என்றால் வாய் நீள்வட்டமாகத் திறந்து உள்ளே தெரியும். கிணற்று விளிம்பு, மாட்டுவண்டிக்கு அருகே கிடக்கும் சக்கரம் போன்ற எந்த வட்டமும் தொடுவானத்தை நெருங்க நெருங்கத் தட்டையாகி, அதன்மேல் வரும்போது வெறும் கோடாகிவிடும். அதே பெண் இரண்டடித் திண்ணையில் ஏறி நின்றால் கணக்கு மாறும்: கோடு இப்போது அவள் பாதத்திலிருந்து மூன்று அடி உயரத்தில், இடுப்பருகே வெட்டும். திண்ணையில் நிற்பவரையும் தெருவில் நிற்பவரையும் ஒரே அளவுகோலில் வரைந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

சந்தின் ஓரங்கள், திண்ணை விளிம்புகள், ஓட்டின் இறவாணம் என்று கடலை நோக்கி ஓடும் இணைகோடுகள் எல்லாம் தொடுவானக் கோட்டில் ஒரே புள்ளியில் போய் முடியும். அந்த மறைபுள்ளியைத் தாளின் நட்டநடுவில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சற்றே இடப்பக்கம் தள்ளி, இடது விளிம்பிலிருந்து 18 செ.மீ.-இல் வைத்தால் படம் இறுக்கமில்லாமல் இருக்கும். இறவாணம் தரையிலிருந்து பத்தடி என்றால் அது கண்ணுக்கு ஐந்தடி மேலே இருக்கிறது. தரையோ ஐந்தடி கீழே. ஆகவே சுவரும் தரையும் சேரும் கோடு எவ்வளவு சாய்வாக மேலேறுகிறதோ, இறவாணம் அதே சாய்வில் கீழிறங்கும். கண்ணுக்கு மேலே இருப்பவை இறங்கும், கீழே இருப்பவை ஏறும், கண்மட்டத்தில் இருப்பது கிடையாகவே போகும். வரைந்து முடித்த படத்தில் ஏதோ ஒரு ஜன்னலின் விளிம்பு இந்த ஒழுங்கை மீறியிருந்தால், பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அந்த வீடு கோணியிருப்பது தெரிந்துவிடும்.

ஒரே இடைவெளியில் நடப்பட்ட கம்பங்கள் தொலைவில் எப்படி நெருங்குகின்றன என்பதை உத்தேசமாகப் போடுவதே வழக்கம். பெரும்பாலும் அது தவறாகவே முடியும். இறக்கம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தாளின் அடி விளிம்பு கண்ணிலிருந்து இருபதடி தூரத்துத் தரையைக் காட்டுவதாக வைத்துக்கொண்டால் அங்கே இறக்கம் 9 செ.மீ.; நாற்பதடியில் 4.5, அறுபதடியில் 3, எண்பதடியில் 2.25. முதல் இடைவெளி 4.5 செ.மீ. என்றால் அடுத்தது ஒன்றரை, அதற்கடுத்தது முக்கால். இவ்வளவு வேகமான சரிவைக் கை தானாகப் போடுவதில்லை. ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போகும், சந்தும் ஆழமற்றுக் குட்டையாகத் தெரியும். கணக்குப் போட விருப்பமில்லாதவர்களுக்குக் கோட்டு வழி உண்டு. முதல் இரண்டு கம்பங்களையும் வரைந்தபின், முதல் கம்பத்தின் உச்சியிலிருந்து இரண்டாவது கம்பத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோட்டைக் கீழே நீட்டினால், அது தரைக் கோட்டைத் தொடும் இடம் மூன்றாவது கம்பத்தின் அடி. இரண்டாவதன் உச்சியிலிருந்து மூன்றாவதன் நடு வழியாக இழுத்தால் நான்காவது.

இதே அளவில் கடலுக்கு என்ன இடம் கிடைக்கிறது என்று பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். சந்து முந்நூறு அடியில் முடிகிறது என்றால் அங்கே இறக்கம் 0.6 செ.மீ. மட்டுமே. சந்தின் முடிவிலிருந்து தொடுவானம் வரைக்கும் உள்ள மணல், அலை, நாலரை கிலோமீட்டர் கடல் எல்லாம் இந்த ஆறு மில்லிமீட்டருக்குள் அடங்கியாக வேண்டும். தெருவில் நிற்பவரின் கண்ணுக்குக் கடல் ஒரு மெல்லிய பட்டைதான். அங்கே நான்கு செ.மீ. அகலத்துக்கு நீலத்தைத் தீட்டினால் கடல் விரிந்து கிடக்காது, சுவர்போல எழுந்து நிற்கும். அகன்ற கடல்தான் வேண்டும் என்றால் கண்ணை உயர்த்துவது ஒன்றே வழி. இருபத்தைந்து அடி உயர மாடியிலிருந்து பார்ப்பதாகக் கொண்டால் அதே முந்நூறு அடித் தூரத்தில் இறக்கம் 3 செ.மீ. ஆகிவிடும். ஆனால் அப்போது தொடுவானக் கோடு தெருவில் நடப்பவர்களின் தலைக்கு மேலே, இருபத்தைந்தடி உயரத்தில் போகும். எல்லாரும் மேலிருந்து பார்க்கப்பட்டவர்களாக மாறிவிடுவார்கள். கடலில் நிற்கும் படகுக்கும் இதே விதி பொருந்தும். கடல்மட்டத்திலிருந்து பார்ப்பவர் கண்ணின் உயரத்தைவிடப் பாய்மரம் உயரமானது என்றால், அதன் நுனி தொடுவானக் கோட்டைத் தாண்டி வானத்தில் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சந்துக்கு இணையாக இல்லாமல் கோணலாகத் திரும்பி நிற்கும் மூலைவீட்டுக்கு இரண்டு மறைபுள்ளிகள் தேவை. இரண்டும் அதே தொடுவானக் கோட்டில்தான், ஆனால் தாளுக்கு வெளியே. வசதிக்காக இரண்டையும் தாளுக்குள்ளேயே அடக்கிவிட்டால் வீட்டின் மூலை கத்திமுனைபோலக் கூர்ந்து கண்ணை உறுத்தும். மேலே சொன்ன அளவுகளின்படி பார்ப்பவரின் கண் தாளுக்கு 36 செ.மீ. முன்னால் இருக்கிறது. நாற்பத்தைந்து பாகையில் திரும்பிய வீட்டுக்கு மறைபுள்ளிகள் மையத்திலிருந்து இருபுறமும் 36 செ.மீ. தள்ளி, ஒன்றுக்கொன்று 72 செ.மீ. இடைவெளியில் அமையும். வீடு வேறு கோணத்தில் திரும்பினால் ஒரு புள்ளி நெருங்கி வரும், மற்றது இன்னும் வெகுதூரம் ஓடும். ஆகவே தாளைப் பெரிய பலகையில் ஒட்டி, பலகையில் இரண்டு ஊசிகளைக் குத்தி, அவற்றில் நூலைக் கட்டி இழுத்துப் பிடித்துக் கோடு போடுவது இன்றும் எளிய வழி. இது பழைய உத்திதான்: மிலான் நகரில் லியொனார்டோ டா வின்சி தீட்டிய 'கடைசி இராவுணவு' சுவரோவியத்தில் இயேசுவின் வலது நெற்றிப் பொட்டருகே ஆணி அடித்த துளை ஒன்று இருக்கிறது. மண்டபத்தின் கோடுகள் எல்லாம் அங்கேதான் கூடுகின்றன. படுதா போன்ற பெரிய பரப்பில் ஊசிக்குப் பதில் ஆணியும், கொத்தனார்கள் செய்வதுபோல வண்ணப்பொடி தோய்த்த நூலை இழுத்துச் சுண்டிக் கோடு விழவைப்பதும் கைகொடுக்கும்.

சரிவான தெரு மட்டும் விதிவிலக்கு. மேடேறும் சாலையின் ஓரக்கோடுகள் தொடுவானத்துக்கு மேலே ஒரு புள்ளியில் கூடும். பள்ளத்தில் இறங்கும் சாலை என்றால் கீழே ஒரு புள்ளியில். ஆனால் அந்தச் சாலையோரத்து வீடுகளின் செங்கல் வரிசைகளும் ஜன்னல் விளிம்புகளும் சமமட்டத்தில் கட்டப்பட்டவை. அவை பழையபடி தொடுவானத்துக்கே போகும். இந்த இரண்டு புள்ளிகளையும் குழப்பிக்கொண்டால் சாலை ஏறாது, வீடுகள் சரியும். மலைகளாலும் இதுபோன்ற குழப்பம் வரும். மலை முகட்டின் விளிம்பைத் தொடுவானம் என்று எடுத்துக்கொள்வது தவறு. உண்மையான கோடு மலையின் அடிவாரத்தை ஒட்டி மறைந்திருக்கிறது. முகடு அதற்கு மேலே எழுகிறது.

கோடுகள் சரியான பிறகு வண்ணம். தொடுவானம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கே கருங்கோடு இழுக்கக் கூடாது. வானத்தின் அடியும் கடலின் மேல்விளிம்பும் ஒளியளவில் வேறுபட்டாலே போதும். தெளிந்த பகலில் வானம் உச்சியில் ஆழ்ந்த நீலமாகத் தொடங்கி, கீழே வரவர வெளுத்து, தொடுவானத்தருகே மிக ஒளிர்ந்திருக்கும். கடலோ கரையருகே பச்சை கலந்த வெளிர்நிறமாக இருந்து, தொலைவில் கருநீலமாகத் திண்ணப்படும். வெளிர்ந்த வானமும் இருண்ட கடலும் சந்திப்பதால் கோடு தானாகவே பிறக்கிறது. போஸ்டர் கலரில் தீட்டுபவர் வானத்தைக் கோட்டுக்குச் சற்றுக் கீழ்வரை ஒரே மூச்சில் தட்டைத் தூரிகையால் இழுத்து, நன்றாகக் காயவிட்டு, கோட்டின் மேல்விளிம்பில் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிய பிறகே கடலைத் தீட்ட வேண்டும். நீர்த்த வண்ணம் நாடாவின் அடியில் கசியும். கெட்டியான வண்ணம் கசியாது. கோட்டின் இரு முனைகளும் தாளின் அடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்து பார்ப்பதும் அவசியம். இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபட்டாலும் கடல் ஒரு பக்கம் சாய்ந்து வழிவதுபோலத் தெரியும்.

நிலத்தில் தொலைவு கூடக்கூடப் பொருள்களின் இருளும் வெளிச்சமும் ஒன்றையொன்று நெருங்கி, நிறம் காற்றின் நீலத்தை வாங்கிக்கொள்ளும். இறக்கக் கணக்கு இங்கேயும் வழிகாட்டும்: இறக்கம் 9 செ.மீ. உள்ள இடத்துக்கும் ஒரு செ.மீ. உள்ள இடத்துக்கும் ஒரே கருமையில் நிழல் தீட்டினால், கோடுகளால் கிடைத்த ஆழத்தை வண்ணம் தின்றுவிடும். இருந்தாலும், சில அடி தூரத்துச் சந்துக்குள் மலைத்தொடருக்குரிய நீலத்தைப் பூசுவது மிகை. காற்றின் நிறம் கண்ணுக்குத் தெரிய நல்ல தூரம் வேண்டும். பனிமூட்டமோ புழுதியோ இருந்தால் மட்டும் கதை வேறு.

பின்னணி தனியே எவ்வளவு சரியாக இருந்தாலும், அதன்முன் நிற்கப்போகும் பாத்திரம் வேறொரு கண்மட்டத்தில் வரையப்பட்டிருந்தால் இரண்டும் சேராது. இடுப்புப் பட்டை நேர்கோடாகவும், பாதங்கள் பக்கவாட்டிலும் தெரிய வரையப்பட்ட உருவம், கண் இடுப்பு உயரத்தில் இருப்பதாகச் சொல்கிறது. அதை மாடியிலிருந்து பார்த்த தெருவில் நிறுத்தினால் அட்டையில் வெட்டி நட்டுவைத்த கட்அவுட்தான் மிஞ்சும். உருவத்தை மறுபடி வரைவது செலவு பிடிக்கும் வேலை. பின்னணியின் தொடுவானத்தை இறக்குவதே பெரும்பாலும் மலிவான தீர்வு. பாத்திரம் சந்துக்குள் நடந்து போகும்போது பாதத்தின் இறக்கம் 9 செ.மீ.-இலிருந்து 4.5 ஆகக் குறைந்தால் உருவமும் சரிபாதியாகக் குறைய வேண்டும். அளவைக் குறைக்காமல் தாளில் மேலே நகர்த்தினால், போகப் போக அவன் அரக்கனாக வளர்வான். இன்னொரு தொல்லையும் உண்டு. ஐந்தடிக் கண்மட்டம், ஐந்தரை அடி மனிதனின் முகத்துக்குக் குறுக்கே சரியாகப் போகும். பின்னால் கடல் கோடு தெளிவாக இருந்தால், பேசுபவனின் மூக்கையும் வாயையும் ஒரு நீலக்கோடு வெட்டிக்கொண்டிருக்கும். கண்ணை நாலடிக்கு இறக்கி நெஞ்சளவில் கோட்டை ஓடவிடலாம். அல்லது மறைபுள்ளியை ஒதுக்கி, பேசுபவனைச் சுவருக்கு முன்னால் நிறுத்திவிடலாம்.

காட்சி நகரும்போது ஒற்றைத் தாள் போதாமல் போகிறது. ஒரே தாளில் தீட்டிய நிலாவொளிக் காட்சிக்குள் கேமரா நெருங்கிச் சென்றால், கொட்டகையும் மரமும் பெரிதாவதோடு நிலாவும் சேர்ந்து பெரிதாகும். உண்மையில் நிலா அப்படியே இருக்க வேண்டும். வால்ட் டிஸ்னி நிறுவனம் பல அடுக்குக் கேமராவைக் கொண்டுவந்தது இப்படிப்பட்ட சிக்கல்களைத் தீர்க்கத்தான். கண்ணாடித் தளங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த ஓவியங்களைத் தனித்தனியே நகர்த்தும் அந்த அமைப்பு 1937-இல் வெளிவந்த 'தி ஓல்ட் மில்' குறும்படத்தில் பயன்பட்டது. இன்று கணினியில் அதே அடுக்குகளைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது எதை எவ்வளவு வேகத்தில் நகர்த்துவது என்பதைக் கண்ணளவில் தேட வேண்டியதில்லை. இறக்கம் 9 செ.மீ. உள்ள தரையில் நிற்கும் மரம் 9 பங்கு நகர்ந்தால், 3 செ.மீ. இறக்கத்தில் நிற்கும் வீடு 3 பங்கும், 1 செ.மீ.-இல் நிற்கும் தென்னை வரிசை 1 பங்கும் நகரும். தொடுவானமும் அதன்மேல் உள்ள வானமும் நகரவே நகராது.

இந்தக் கணக்கு நம் எதிரே தட்டையாக நிற்கும் பொருள்களுக்கே ஒத்துவரும். சந்தின் பக்கச் சுவரைப்போல ஆழத்தை நோக்கி ஓடும் பரப்பின் ஒரு முனை 9 செ.மீ. இறக்கத்திலும் மறுமுனை ஒன்றிலும் இருப்பதால், அதை ஒரே அடுக்காக எந்த வேகத்தில் நகர்த்தினாலும் தவறாகிவிடும். அதனால் பக்கவாட்டில் நீண்ட நேரம் நகரும் காட்சிகளுக்குத் தெருவை நேர்முகமாக, வீட்டு முகப்புகள் தாளுக்கு இணையாக இருக்கும்படி அமைப்பதே பாதுகாப்பு. கடலை நோக்கி ஓடும் சந்தை, கேமரா அசையாத காட்சிகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.